எங்க வீட்ல ஒரு ஆந்தை, ரெண்டு சேவல்: உங்க வீட்ல எப்படி?

பொன்மலை மருமகள் | திங்கள், காலை 5:20

எங்க வீடு திருச்சி பொன்மலைப் பக்கம். மாமா ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை 4:30க்கு எழுந்து வாசல் தெளிச்சிடுவாங்க. நான் அஞ்சு மணி ஆள். என் வீட்டுக்காரர் மட்டும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்ல இருந்தே ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை பார்த்துட்டு ரெண்டு மணிக்குப் படுப்பார். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியும், காலேஜ் படிக்கும்போதும் அவர் இப்படித்தானாம்.

மாமா இதைச் சண்டையா ஆக்காம ரயில்வேயா ஆக்கிட்டார். ஃப்ரிட்ஜ் மேல ஒரு நீள நோட்டு கிடக்கும், அதுக்குப் பேரு ஸ்டேஷன் டைரி. இவர் படுக்கப் போகும்போது "மோட்டார் ஆஃப். பாலுக்கு உறை ஊத்தியாச்சு. அசம்பாவிதம் ஏதும் இல்லை. சார்ஜ் ஒப்படைச்சேன்"னு எழுதணும். 4:30க்கு அத்தை அதுக்குக் கீழயே "உறை ஊத்தலை. பொய் ரிப்போர்ட். சார்ஜ் எடுத்துக்கிட்டேன்"னு எழுதுவாங்க. பையனோட ஸ்கூல் வேன் 7:15க்கு வரும், இவர்தான் ஏத்திவிடணும். அதனால 6:30க்கு மாமா நோட்டும் பேனாவுமா கதவைத் தட்டுவார். அந்தக் காலத்துல டிரைவர், கார்டு வீடுகளுக்குக் கால் பாய்னு ஒருத்தர் போய் எழுப்பி, கால் புக்ல கையெழுத்து வாங்கிட்டு வருவாராம். அதே மாதிரி. இவரும் கையெழுத்துப் போட்டுடுவார். பாதி நாள் எழுந்திருப்பார், மீதி நாள் அப்படியே படுத்துட்டு எட்டு மணிக்கு வந்து "என்னை ஏன் யாருமே எழுப்பலை?"ம்பார். நோட்டைக் காட்டினா "இது என் கையெழுத்தே இல்லை, கோர்ட்டுக்குப் போவேன்"னு ஒரே அட்டகாசம்.

இத்தனை நாள் நல்லாத்தான் ஓடுச்சு. போன வாரம் சொந்தக்காரங்க வந்திருந்தப்ப அத்தை, "எங்க மகராசன் மத்தியானத்துக்குள்ள எழுந்துடுவான், இருந்து பார்த்துட்டுப் போங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சார். ஆனா அன்னையிலேர்ந்து டைரியில ஒரு வரிகூட எழுதலை.

உங்க வீடுகள்ல இந்தக் கிண்டல் எப்படிப் போகுது? இன்னொன்னு, இந்த நேரத்தை மாத்தவே முடியாதா?

வேளச்சேரி மேன்ஷன் | திங்கள், காலை 10:45

இப்பதான் எழுந்தேன், அதனால நான் யார் கட்சின்னு சொல்ல வேண்டியதில்லை.

நாங்க மூணு பேரு ஒரு ஃபிளாட்ல. அதுல ஒருத்தன் நாலரைக்கு எழுந்து ஜிம்முக்குப் போறவன், அவன் பேரு பால் பாக்கெட். என் பேரு செகண்ட் ஷோ. மூணாவது ஆளு ரெண்டுலயும் சேராதவன், அவனுக்கு இன்டர்வெல்னு வெச்சிருக்கோம். ஒரு நாள் நான் விடிய விடிய முழிச்சிருந்து நாலரைக்குப் பல் தேய்ச்சிட்டு நின்னேன். பால் பாக்கெட் வந்து பார்த்துட்டு, "மச்சி, திருந்திட்டியாடா!"ன்னு கட்டிப்புடிச்சான். இன்னும் நான் உண்மையைச் சொல்லலை.

அக்கா, உங்க மாமாவுக்கு ஒரு சல்யூட். எங்க வீட்டு ஓனர் ரெண்டு மணிக்கு லைட் எரிஞ்சா கரண்ட் பில்லைப் பத்தித்தான் பேசுவார்.

விடியல் | செவ்வாய், காலை 4:40

சகோதரி, இதுக்கு ஆராய்ச்சியே வேண்டாம். காரணம் கையில இருக்கிற போன்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை அணைச்சு அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. விடிகாலை பிரம்ம முகூர்த்தத்துல எழுப்பி மொட்டை மாடிக்கு அனுப்புங்க. பத்தே நாள்ல பழகிடும். நானும் காலேஜ்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சவன்தான், இப்ப அம்பத்திரண்டு வயசுல அலாரமே இல்லாம நாலு மணிக்கு எழுந்திருக்கேன். எல்லாம் மனசு வெச்சா நடக்கும்.

தோட்டத்து ஆள் | செவ்வாய், காலை 7:05

ஆந்தை வீட்டுக்குள்ள கூடு கட்டியிருந்தா கல்லெறிய வேண்டாம், பரிகாரம்னு காசும் செலவு பண்ண வேண்டாம். முகம் வெள்ளையா இதய வடிவத்துல இருந்தா அது கூகை. எலி பிடிக்கும், வீட்டுக்கு நல்லதுதான். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொந்தரவு பண்றது குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்க. சேவல் ரெண்டையும் ராத்திரி கூண்டுல அடைச்சு வைங்க.

வேளச்சேரி மேன்ஷன் | செவ்வாய், மதியம் 12:10

அண்ணே, அவங்க வீட்டு ஆந்தை கம்ப்யூட்டர்ல வேலை பார்க்குது.

ராத்திரி டெக்னீசியன் | செவ்வாய், இரவு 11:50

ஆஸ்பத்திரி ஒண்ணுல தூக்கப் பரிசோதனை அறையில வேலை. தூங்குறவங்க தலையில ஒயர் ஒட்டி விடியுற வரைக்கும் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறதுதான் என் பொழப்பு. டாக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்றேன்.

விடியல் ஐயா சொன்னதுல பாதி சரி. ராத்திரி வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும்ங்கிறது உண்மை. போன் வெளிச்சம்னு மட்டும் இல்லை, தலைக்கு மேல எரியுற டியூப்லைட்டுக்கும் அந்த வேலை உண்டு. ஆனா "மனசு வெச்சா நடக்கும்"ங்கிறதுதான் இடிக்குது. உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் பெரும்பாலானவங்களுக்குச் சரியா 24 மணி நேரத்துல சுத்தாது. கொஞ்சம் கூடுதலாத்தான் ஓடும், சராசரியா பத்துப் பன்னிரண்டு நிமிஷம். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் இழுத்து நேராக்குது. அந்தக் கூடுதல் ஆளுக்கு ஆள் மாறும், அதுல பரம்பரையும் உண்டு. இந்தக் கடிகாரத்தை ஓட்டுற மரபணுக்களைக் கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் 2017ல மருத்துவ நோபல் கொடுத்தாங்க.

ஐயாவே அவர் கதையில இன்னொரு காரணத்தையும் சொல்லிட்டார். இருபது வயசு வாக்குலதான் மனுஷன் உச்சக்கட்ட ஆந்தை. அதுக்கப்புறம் வருஷம் ஆக ஆக நேரம் முன்னாடி நகரும். அம்பதைத் தாண்டின பிறகு நாலு மணிக்கு முழிப்பு வந்தா அதுல மனசோட பங்கு கொஞ்சம்தான், வயசோட பங்குதான் நிறைய.

அம்மா, ரெண்டு விஷயம் சொல்லுங்க. வேலை இல்லாத நாள்ல அவர் எத்தனை மணிக்குத் தானா எழுந்திருக்கிறார்? அத்தை எத்தனை மணிக்குப் படுக்கிறாங்க?

பொன்மலை மருமகள் | புதன், காலை 5:10

சனி, ஞாயிறுல ரெண்டு மணிக்குப் படுத்தா பத்து மணி வரைக்கும் தூங்குவார். அத்தை ஒன்பதுக்கெல்லாம் படுத்துடுவாங்க. படுக்கிறதுக்கு முன்னாடியே, சீரியல் ஓடும்போதே கண்ணு சொருகிடும். டிவியை நிறுத்தினா மட்டும் "நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன், ஏன் நிறுத்தினே?"ன்னு முழிச்சுப்பாங்க.

நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது. அத்தைக்கும் ஒரு குறை உண்டு. இவர் வேலையை முடிச்சிட்டு ஒன்றரை மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பார். எவர்சில்வர் டப்பா, மூடி இறுக்கம், 'டப்'புன்னு ஒரு சத்தம். அத்தை எழுந்தா எழுந்ததுதான், பல நாள் அப்புறம் தூக்கமே வராம புரண்டுட்டு நாலரை ஆக்குவாங்க. மாமா அதுக்கு வெச்ச பேரு "ஒன்றரை மணி கூட்ஸ்".

ராத்திரி டெக்னீசியன் | வியாழன், காலை 1:30

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. அத்தை ஒன்பதுக்குப் படுத்து, ஒன்றரைக்கு முறுக்கு டப்பா. நாலரை மணி நேரம். அவர் ரெண்டு மணிக்குப் படுத்து, ஆறரைக்குக் கால் புக். அதுவும் நாலரை மணி நேரம். ரெண்டு பேரையும் தூக்கத்தோட ஒரே இடத்துல எழுப்பிட்டிருக்கீங்க.

படுத்த முதல் ரெண்டு மூணு மணி நேரத்துலதான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். அப்ப பக்கத்துல குக்கர் விசில் அடிச்சாலும் புரண்டுகூடப் படுக்காத ஆட்களை நான் பார்த்திருக்கேன். அதுக்கப்புறம் தூக்கம் மேலோட்டமா ஆயிடும், கனவு நிறைய வரும், அப்ப ஒரு கரண்டி விழுந்தாலே போதும். வயசானவங்களுக்கு ஆழ்ந்த தூக்கமே குறைச்சல்ங்கிறதால அத்தைக்கு அடி கொஞ்சம் பலமாவே இருக்கும்.

கையெழுத்து விஷயமும் நடிப்பு இல்லை. திடீர்னு எழுப்பினா மூளை முழுசா வர்றதுக்குக் கால் மணி, அரை மணி ஆகும், தூக்கக் கடன் உள்ளவங்களுக்கு இன்னும் கூட. கை கையெழுத்துப் போடும், வாய் "சரி சரி"ங்கும், ஆனா அது ஞாபகத்துல பதியாது. அவர் கோர்ட்டுக்குப் போனா நான் சாட்சி சொல்ல வர்றேன்.

நேரத்தை மாத்தலாமான்னு கேட்டீங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குறதை வெச்சு அவர் உடம்போட நேரமே அதுதான்னு முடிவு பண்ணக் கூடாது. அதுல வாரம் பூரா சேர்ந்த கடனும் இருக்கு. கடன் இல்லாம தூங்கவிட்டா எட்டரை, ஒன்பதுக்குத் தானா எழுந்திருப்பார்னு தோணுது. இயல்பா எழுந்திருக்கிற நேரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி உடம்புச் சூடு ரொம்பக் குறைஞ்ச ஒரு நேரம் வரும். அதுக்கு அப்புறம் கண்ணுல படுற வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னாடி இழுக்கும். அதுக்கு முன்னாடி பட்டா எதிர்ப்பக்கம் தள்ளும். அவருக்கு அந்த நேரம் ஆறு, ஆறரை வாக்குல இருக்கலாம். அதனால விடிகாலை அஞ்சரைக்கு மொட்டை மாடிக்கு அனுப்பினா தூக்கம் போறதுதான் மிச்சம், கடிகாரம் முன்னாடி நகராது. அதுக்குப் பதிலா, எட்டு எட்டரைக்கு எழுந்து அரை மணி நேரம் வெளியில வெயில்ல நிக்கட்டும். நாலஞ்சு நாளைக்கு ஒருமுறை கால் மணி முன்னாடி நகர்த்தட்டும். ஞாயித்துக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளாம எழணும். கசப்பான பகுதி அதுதான்.

வேலை ஒரு மணிக்குத்தான் முடியும்னா இதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஏழு மணிக்காரரா மாறலாம்னு நம்பிக்கை கொடுக்க நான் தயாரில்லை. வேன் வேலையை வேற யாராவது பார்த்துக்கிட்டா பாதிப் பிரச்சினை இன்னைக்கே தீரும்.

விடியல் | வியாழன், காலை 4:50

தம்பி, விஷயம் தெரிஞ்சவர்னு புரியுது. ஆனா எங்க தாத்தா காலத்துல ஊர்ல ராக்கோழியே கிடையாது. கரண்டே இல்லாதப்ப எல்லாரும் ஒண்ணாப் படுத்து ஒண்ணாத்தான் எழுந்தாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

சும்மா படிப்பவள் | வியாழன், காலை 9:15

ஐயா, அதுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. தான்சானியாவுல ஹட்சான்னு வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழுற ஜனங்க. கரண்ட் இல்லை, கடிகாரம் இல்லை. 33 பேர் கையில அசைவைப் பதியுற கருவியைக் கட்டி 20 நாள் பார்த்திருக்காங்க. 2017ல அது வெளியாச்சு. அத்தனை நாள்லயும் எல்லாரும் ஒரே சமயத்துல தூங்கின நேரம் மொத்தமாவே 18 நிமிஷம்தான். வயசு வித்தியாசம்தான் அதுக்கு முக்கியக் காரணமாம். கூட்டத்துல எப்பவும் யாராவது ஒருத்தர் முழிச்சிருந்தா சிங்கம் வந்தாலும் தெரியும், அதனாலதான் இந்தக் கலவையே நிலைச்சிருக்கலாம்னு அவங்க ஊகிக்கிறாங்க.

உங்க தாத்தா காலத்துலயும் ராத்திரி கூத்துப் பார்த்தவங்க, வயலுக்குத் தண்ணி கட்டப் போனவங்க, திண்ணையில வெத்தலை இடிச்சிட்டு உட்கார்ந்திருந்த பாட்டிங்க எல்லாரும் இருந்திருப்பாங்களே? ஆனா கரண்ட் வந்த பிறகு எல்லாரோட நேரமும் பின்னாடி நகர்ந்தது நிஜம். அதுல நீங்க சொல்றது சரிதான்.

பொன்மலை மருமகள் | வியாழன், மாலை 6:30

இதை மாமாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒரே குஷி. "மழைக்காலத்துல ராத்திரி பூரா தண்டவாளத்துல டார்ச் எடுத்துட்டு நடக்கிற பேட்ரோல்மேன் இல்லேன்னா ஒரு வண்டியும் ஓடாதுடா"ன்னு இவருக்கு அந்தப் பதவியையே கொடுத்துட்டார். நாலரை மணி கணக்கைக் கேட்டதும், "ஒத்தை லைன்ல அப்பும் டவுனும் கிராசிங் பார்க்காமலா வண்டி விடுறது?"ன்னு சொல்லிட்டு டைரியில ரெண்டு உத்தரவு போட்டிருக்கார். ஒன்றரை மணி கூட்ஸுக்கு இனிமே பிளாஸ்டிக் டப்பா. காலைல மிக்ஸி போடுறதுக்கு முன்னாடி அத்தை "லைன் கிளியர்" வாங்கணும். எட்டு மணிக்கு மேலதான் கிடைக்கும்.

அத்தை, "தேங்காய்ச் சட்னிக்கு எட்டு மணி வரைக்கும் காத்திருக்கணுமா?"ன்னு ஒரே வாக்குவாதம். சட்னியை முந்தின நாள் சாயங்காலமே அரைச்சா ருசி போயிடுமாம். அது இன்னும் தீரலை.

ராக்கோழி | வெள்ளி, காலை 2:15

எல்லாம் சிரிப்பாத்தான் இருக்கு. நான் கொஞ்சம் கசப்பாப் பேசப் போறேன், மன்னிச்சுக்கோங்க.

உங்க வீட்டு ஆந்தை ஆம்பளைங்கிறதால டைரியும் பதவியும் கிடைக்குது. நான் மருமகளா வந்த ராக்கோழி. எங்க வீட்ல எனக்கு வெச்ச பேரு "கும்பகர்ணி". சொன்ன தொனியில சிரிப்பே கிடையாது. ஏழு மணிக்கு எழுந்தா வீட்ல எல்லாரும் மௌனம். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் பாத்திரம் தேய்ச்சு, மறுநாளுக்குக் காய் நறுக்கி, பிள்ளைக்கு யூனிஃபார்ம் தேய்ச்சு வைக்கிறது என் கணக்குல ஏறவே இல்லை. அது நடக்கும்போது பார்க்க யாரும் முழிச்சில்லையே. விடிகாலை வேலை கண்ணுல படும், ராத்திரி வேலை படாது.

என் வீட்டுக்காரர் மட்டும் பரவாயில்லை. லட்சுமணனோட பதினாலு வருஷத் தூக்கத்தையும் ஊர்மிளை சேர்த்துத் தூங்கினதா ஒரு கதை சொல்வாங்களே, ஒன்பதரைக்குக் குறட்டை விடுற அவருக்கு நான் ஊர்மிளைன்னு பேரு வெச்சேன். என் தூக்கத்தையும் அவரே தூங்கிடுறாராம். இது எங்க ரெண்டு பேருக்குள்ள நல்லா ஓடுது. இதையே மாமியார் முன்னாடி சொல்ல முடியாது.

சும்மா படிப்பவள் | வெள்ளி, காலை 9:40

ராக்கோழி அக்கா, அந்த "மகராசன்" விஷயத்துக்கும் பதில் இதுலயே இருக்குன்னு நினைக்கிறேன். டைரியில அத்தை "பொய் ரிப்போர்ட்"னு எழுதினா அவர் மறுநாள் பதில் எழுதலாம். விருந்தாளி முன்னாடி சொன்னா அவரால என்ன பதில் சொல்ல முடியும்? அவங்களுக்கு அவர் ஒரு மணி வரைக்கும் வேலை பார்க்கிறதே தெரியாதே. "செகண்ட் ஷோ"ன்னா நேரத்தைப் பத்தின கிண்டல். "மத்தியானம் எழுந்திருப்பான்"ங்கிறது ஆளோட குணத்தைப் பத்தின தீர்ப்பு.

வேளச்சேரி மேன்ஷன் | வெள்ளி, மதியம் 1:00

பால் பாக்கெட்டும் ஒரு தடவை என் அப்பா முன்னாடி "இவன் பத்தரைக்கு எழுந்திருப்பான் அங்கிள்"னுட்டான். அதை ஜோக்குன்னு அப்பா எடுத்துக்கலை. ரெண்டு மாசத்துக்கு தினமும் காலைல ஆறு மணிக்குப் போன் வந்துச்சு.

விடியல் | வெள்ளி, மாலை 5:30

ராத்திரி வேலை யார் கண்ணுலயும் படாதுன்னு ராக்கோழி எழுதினதைப் படிச்சிட்டு என் மனைவிகிட்ட கேட்டேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது.

ஆனா ஒண்ணு. வீட்ல எல்லாரும் சேர்ந்து ஒரு வேளையாவது சாப்பிடணும். அதுக்குக் காலை நேரம்தான் சரின்னு நான் இன்னும் நினைக்கிறேன்.

ராக்கோழி | வெள்ளி, இரவு 11:55

அந்த ஒரு வேளை ஏன் ராத்திரி எட்டு மணியா இருக்கக் கூடாது ஐயா? அப்ப ஆந்தை, சேவல் ரெண்டும் முழிச்சிருக்குமே.

பொன்மலை மருமகள் | ஞாயிறு, காலை 5:40

ரெண்டு செய்தி. அத்தைகிட்ட நான் நேரா எதுவும் சொல்லலை. மாமாதான், "ஸ்டேஷன் டைரியை பாசஞ்சருக்குக் காட்டக் கூடாது, அது ரூல்"னு சொன்னார். அத்தைக்குப் புரிஞ்சுது. வாய்விட்டு எதுவும் சொல்லலை, ஆனா நேத்து டைரியில "ராத்திரி டியூட்டிக்கு ரவா லட்டு, பிளாஸ்டிக் டப்பாவில்"னு எழுதியிருந்தாங்க. இவர் அதுக்குக் கீழ "பெற்றுக்கொண்டேன். எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, விசாரணை தேவை"ன்னு எழுதியிருக்கார்.

வேன் வேலையை மாமா எடுத்துக்கிட்டார். இவர் இப்ப எட்டு மணிக்கு எழுந்து வாசல் வெயில்ல காபியோட உட்கார்றார். ராத்திரி ரெண்டு மணி இன்னும் அசையலை.

டெக்னீசியன் சார், இன்னொரு கேள்வி. அத்தை பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்த்த முடியுமா? நாலரையை அஞ்சரை ஆக்கினாக்கூட மிக்ஸி தகராறு பாதி குறையும்.

ராத்திரி டெக்னீசியன் | திங்கள், காலை 12:40

ஓரளவுக்கு முடியும். அத்தைக்கு எல்லாம் தலைகீழ்: காலை வெளிச்சம் குறையணும், சாயங்கால வெளிச்சம் கூடணும். அஞ்சுலேர்ந்து ஆறரை வரைக்கும் வாசல்லயோ மாடியிலயோ உட்கார்ந்து பூ கட்டலாம், கீரை ஆயலாம். ராத்திரி ஒன்பது வரைக்கும் ஹால்ல நல்லா லைட் எரியட்டும். முக்கியமா, சீரியல் முன்னாடி கண்ணு சொருக விடாதீங்க. அந்த அரை மணித் தூக்கம் விடிகாலைத் தூக்கத்திலேர்ந்துதான் கழியும். ஆனா இந்த வயசுல முழுசா ஒரு மணி நேரம் நகரும்னு எதிர்பார்க்காதீங்க. நாலரைக்கே முழிச்சாலும் வாசல் வேலையை முதல்ல வெச்சுட்டு மிக்ஸியைக் கடைசிக்குத் தள்ளலாமே.

பொன்மலை மருமகள் | திங்கள், காலை 5:15

சீரியல்ல தூங்குறதா சொன்னா ஒத்துக்கவே மாட்டாங்க சார். "நான் தூங்கினேன்னா நீ எழுத்துல காட்டு"ம்பாங்க. மாமா இப்பவே அதுக்கு ஒரு கால் புக் தச்சிட்டிருக்கார்.